ரோல் நம்பர் 45 தேர்வுக்கு வந்தாரா?

பைனரி சர்ச் பாடத்துக்குத் திரையில் வழக்கமாக வரும் படம் கணினி படித்த எல்லோருக்கும் நினைவிருக்கும். வரிசையாகக் கட்டங்கள், ஒவ்வொன்றிலும் ஓர் எண். நடுக்கட்டம் சிவப்பாகும். ஒரு பக்கம் முழுதும் மங்கிப்போகும். மிச்சத்தின் நடுக்கட்டம் சிவப்பாகும். நான்கைந்து முறை தட்டினால் தேடிய எண் பச்சையாக ஒளிரும். வகுப்பே தலையாட்டும். மறுநாள் லேபில் அதையே எழுதச் சொன்னால் சிலருடைய புரோகிராம் நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கும். சிலருடையது, கண்ணெதிரே இருக்கும் எண்ணை இல்லை என்று சொல்லும்.

படத்தில் பிழையில்லை. ஆனால் மங்கிப்போன பாதி ஏன் மங்கியது, நடுக்கட்டமும் அதோடு சேர்ந்து ஏன் போனது, கடைசியில் ஒரே ஒரு கட்டம் மிஞ்சினால் என்ன செய்வது என்ற கேள்விகளைக் கண் கேட்பதில்லை. நிறம் மாறியதும் திருப்தியாகிவிடுகிறது. அதனால் இந்த ஒரு பாடத்தை மட்டும் நான் திரையில்லாமல், கரும்பலகையும் இல்லாமல், வாயாலேயே நடத்துகிறேன். வாயால் சொல்லும்போது எதையும் மங்கவைக்க முடியாது. ஒரு பாதியைத் தூக்கிப் போட வேண்டுமானால் ஏன் போடுகிறோம் என்பதையும் சொல்லியே ஆக வேண்டும்.

கணினிப் பக்கம் போகாதவர்களுக்கு முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். வரிசைப்படுத்தப்பட்ட ஒரு பட்டியலில் ஒன்றைத் தேடுகிறோம். முதலிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்க்காமல், நேராக நடுவில் இருப்பதைப் பார்க்கிறோம். தேடுவது அதைவிடப் பெரியதென்றால் அது இடப்பாதியில் இருக்க வழியில்லை. சிறியதென்றால் வலப்பாதியில் இருக்க வழியில்லை. எப்படியானாலும் ஒரு பாதி கழிந்துவிடுகிறது. மிச்சப் பாதியிலும் இதையே செய்கிறோம். பாடப்புத்தகத் தமிழில் இது இருமத் தேடல். வகுப்பில் எல்லோரும் பைனரி சர்ச் என்றே சொல்கிறோம்.

வாயால் நடத்த ஓர் உவமை வேண்டும். ஆசிரியர்கள் பெரும்பாலும் இரண்டில் ஒன்றை எடுப்பார்கள். ஒன்று அகராதி. ஆனால் அகராதியில் 'வ' வரிசைச் சொல்லைத் தேடும் யாரும் நடுப்பக்கத்தைத் திறப்பதில்லை. கை தானாகவே கடைசிப் பக்கங்களுக்குப் போய்விடும். நாம் கற்பிக்க நினைப்பதைக் கையே மறுத்துவிடுகிறது. இன்னொன்று, ஒன்றிலிருந்து நூறுக்குள் ஓர் எண்ணை நினைத்துக்கொள், நான் கண்டுபிடிக்கிறேன் என்ற விளையாட்டு. பாதியாக்கும் யோசனையை அது அழகாகக் காட்டும். ஆனால் அதில் எண் கட்டாயம் இருக்கிறது. தேடியது இல்லாமல் போகும் பேச்சே எழுவதில்லை. ஐம்பதாவது இடத்தில் இருப்பதும் ஐம்பதுதான் என்பதால் இடம் வேறு, அந்த இடத்தில் இருக்கும் எண் வேறு என்பதும் புலப்படாது. மாணவர்கள் பிறகு தடுமாறுவது இந்த இரண்டிலும்தான்.

நான் எடுத்துக்கொள்வது இன்டர்னல் டெஸ்ட் விடைத்தாள் கட்டு. அது அவர்களுக்கு நன்றாகத் தெரிந்த பொருள். முக்கியமாக, அதில் ஆப்சென்ட் உண்டு.

"கிளாஸ்ல அறுபது பேர். டெஸ்ட்டுக்கு ஏழு பேர் வரல. என் கையில அம்பத்துமூணு பேப்பர், ரோல் நம்பர் வரிசையில அடுக்கியிருக்கு. யார் வரலைன்னு எனக்குத் தெரியாது. இப்ப ரோல் நம்பர் நாப்பத்தொண்ணு வந்து, மேடம் என் பேப்பர் எங்கன்னு கேக்கறாங்க."

இதிலேயே ஒரு சிக்கல் அடங்கியிருக்கிறது. ஏழு பேர் வராததால் 41ஆம் ரோல் நம்பரின் தாள் கட்டில் 41ஆவதாக இருக்காது. எத்தனையாவதாக இருக்கும் என்று சொல்ல, அவருக்கு முன்னால் எத்தனை பேர் வரவில்லை என்று தெரிய வேண்டும். தெரியாது. ஆகவே தேடித்தான் ஆக வேண்டும். "நேரா நாப்பத்தொண்ணாவது பேப்பரை எடுத்துட வேண்டியதுதானே" என்று முன்வரிசையில் யாராவது கேட்டால், இடமும் எண்ணும் வேறு வேறு என்ற பாடத்தை அந்த மாணவரே தொடங்கி வைத்ததாக ஆகிவிடும்.

பேச்சில் இந்த வேறுபாட்டைக் காப்பாற்ற ஒரே வழி, இடத்தைச் சொல்லும்போது எப்போதும் 'ஆவது' சேர்ப்பதும், ஆளைச் சொல்லும்போது எப்போதும் 'ரோல் நம்பர்' என்று சேர்ப்பதும்தான். இருபத்தேழாவது பேப்பர், ரோல் நம்பர் முப்பத்திரண்டு. வெறும் எண்ணாக ஒன்றைக்கூடச் சொல்லக்கூடாது. திரையில் இரண்டையும் இரண்டு நிறத்தில் காட்டிவிடலாம். காதுக்கு நிறமில்லை.

இன்னொரு ஏற்பாடும் உண்டு. கேட்பவர் மனத்தில் ஒரு நேரத்தில் இரண்டு எண்கள்தான் நிற்க வேண்டும்: கையில் இருக்கும் கட்டு எத்தனையாவது தாளில் தொடங்குகிறது, எத்தனையாவது தாளில் முடிகிறது. இடது கட்டைவிரலைத் தொடக்கமாகவும் வலது கட்டைவிரலை முடிவாகவும் வைத்துக்கொள்ளச் சொல்வேன். பின்னால் எழுதப்போகும் நிரலில் `lo`, `hi` என்று வருபவை இந்த இரண்டு விரல்கள்தான்.

தேட ஆரம்பிக்கும் முன் ஒரு வாக்கியத்தைச் சொல்லி, வகுப்பையும் திருப்பிச் சொல்ல வைப்பேன்: "தாள் இருக்குன்னா, அது என் கையிலதான் இருக்கு." அவ்வளவுதான். தாள் இருக்கிறது என்று இந்த வாக்கியம் சொல்லவில்லை. இருந்தால் எங்கே இருக்கும் என்று மட்டும் சொல்கிறது. ஒவ்வொரு முறை ஒரு பாதியைக் கீழே வைக்கும்போதும் இதை மறுபடி சொல்ல வேண்டும். சொல்லும்போது அது உண்மையாக இருக்கவும் வேண்டும். கணினி நூல்கள் இதற்கு இன்வேரியன்ட் என்று பெயர் வைத்திருக்கின்றன. பெயரை நான் கடைசியில்தான் சொல்வேன்.

தேடலாம். கையில் 1ஆவது தாளிலிருந்து 53ஆவது வரை. இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தால் 27. 27ஆவது தாளைப் பார்க்கிறேன்: ரோல் நம்பர் 32. நாம் தேடும் 41 அதைவிடப் பெரியது. வரிசை சரியாக இருப்பதால் 27ஆவதற்கு முன்னால் இருப்பவை எல்லாம் 32ஐவிடச் சிறியவை. அங்கே 41 இருக்க முடியாது. 27ஆவது தாளிலும் இல்லை, அதை இப்போதுதான் பார்த்தோம். ஆகவே 27 தாள்களையும் கீழே வைக்கிறேன். இடது கட்டைவிரல் 28க்கு நகர்கிறது. "தாள் இருக்குன்னா, அது என் கையிலதான் இருக்கு." உண்மைதான்.

இப்போது 28ஆவதிலிருந்து 53ஆவது வரை. கூட்டினால் 81, பாதி நாற்பதரை. அரைத் தாள் கிடையாது என்பதால் 40. 40ஆவது தாள், ரோல் நம்பர் 46. 41 அதைவிடச் சிறியது. 40ஆவது தாளும் அதற்குப் பின்னால் உள்ளவையும் கீழே போகின்றன. வலது கட்டைவிரல் 39க்கு வருகிறது.

28ஆவதிலிருந்து 39ஆவது வரை. நடு 33. அதில் ரோல் நம்பர் 38. 41 பெரியது, இடது விரல் 34க்கு. 34ஆவதிலிருந்து 39ஆவது வரை நடு 36. எடுத்துப் பார்த்தால் ரோல் நம்பர் 41. கிடைத்துவிட்டது.

ஐம்பத்துமூன்று தாளில் நான்கைத்தான் பார்த்தோம். கேட்டுக்கொண்டிருந்தவர்களும் நான்கே நான்கு ரோல் நம்பர்களைத்தான் கேட்டார்கள். மிச்சம் 49 தாள்களில் யார் யார் இருந்தார்கள் என்று யாருக்கும் தெரியாது, தெரிய வேண்டிய தேவையும் இல்லை. திரையென்றால் 53 கட்டங்களையும் வரைந்தாக வேண்டும். இந்தத் தேடல் முறையே பெரும்பாலானதைப் பார்க்காமல் விடுவதுதான் என்பதால், வாயால் சொல்வது அதற்கு இயல்பாகப் பொருந்துகிறது.

வகுப்பு இங்கே மூச்சு விடும். நான் விடமாட்டேன். "இப்ப ரோல் நம்பர் நாப்பத்தஞ்சு வந்து நிக்கறாங்க. அவங்க டெஸ்ட் எழுதினாங்களா?"

முதல் நான்கு அடிகளும் அப்படியே வரும். மாணவர்களே சொல்லிவிடுவார்கள்: 27ஆவதில் 32, பெரியது, 40ஆவதில் 46, சிறியது, 33ஆவதில் 38, பெரியது, 36ஆவதில் 41, இன்னும் பெரியது. இடது விரல் 37, வலது விரல் 39. கையில் மூன்று தாள். நடு 38ஆவது, ரோல் நம்பர் 43. 45 பெரியது. இடது விரல் 39.

இப்போது இரண்டு விரலும் ஒரே தாளில். 39ஆவது மட்டும் கையில் இருக்கிறது. இங்கே நிறுத்தி, பார்க்கலாமா வேண்டாமா என்று கேட்பேன். பார்க்கத்தான் வேண்டும், வாக்கியம் இன்னும் உண்மை, தாள் இருந்தால் இந்த ஒன்றாகத்தான் இருக்கும். பார்க்கிறோம்: ரோல் நம்பர் 44. 45 அதைவிடப் பெரியது என்பதால் இடது விரல் 40க்குப் போகிறது. வலது விரல் 39லேயே நிற்கிறது.

விரல்கள் ஒன்றையொன்று தாண்டிவிட்டன. கை காலி. "தாள் இருக்குன்னா, அது என் கையிலதான் இருக்கு." கையில் எதுவும் இல்லை. அப்படியானால் தாளே இல்லை. 45ஆம் ரோல் நம்பர் அன்றைக்கு வரவில்லை. 53 தாளையும் புரட்டாமல் ஆறு தாளைப் பார்த்து, ஒருவர் ஆப்சென்ட் என்று உறுதியாகச் சொல்லிவிட்டோம். தேடியது கிடைப்பதைவிட, இல்லை என்பதை இப்படி நிரூபிப்பதுதான் இந்த முறையில் எனக்கு அதிகம் பிடித்த இடம்.

இதில் இன்னொன்றும் இலவசமாகக் கிடைக்கிறது. இடது விரல் நிற்கும் 40 என்ற இடம் வீணான எண் அல்ல. 45ஆம் ரோல் நம்பர் பிறகு ரீடெஸ்ட் எழுதித் தாளைக் கொடுத்தால், அதைச் செருக வேண்டிய இடம் அதுவே: 44க்குப் பின்னால், 46க்கு முன்னால். பல நிரல்மொழிகளின் நூலகங்களில் தேடல் தோற்றாலும் திரும்பி வரும் விடையில் இந்த இடம் ஒளிந்திருக்கும்.

இதுவரை சொன்னதை அப்படியே எழுதினால் இவ்வளவுதான்:

```python
def find(a, x):
    lo, hi = 0, len(a) - 1
    while lo <= hi:
        mid = (lo + hi) // 2
        if a[mid] == x:
            return mid
        if a[mid] < x:
            lo = mid + 1
        else:
            hi = mid - 1
    return -1
```

கணினி இடங்களை பூஜ்யத்திலிருந்து எண்ணுவதால் நம் 27ஆவது தாள் அதற்கு 26. வேறு வித்தியாசம் இல்லை. வகுப்பில் இந்த வரிகளைக் காட்டுவதில்லை. கடைசிப் பத்து நிமிடத்தில் மாணவர்களே நோட்டில் எழுதுவார்கள். எழுதியதை வரிவரியாகத் தமிழில் வாசிக்கச் சொல்வேன்.

அதற்கு முன், எத்தனை தாள் பார்க்க வேண்டியிருக்கும் என்ற கணக்கு. புத்தகம் இங்கே லாகரிதம் என்று ஆரம்பிக்கும். காதுக்கு அது ஒட்டாது. நான் தலைகீழாகக் கேட்பேன். ஒரே ஒரு தாளைப் பார்க்க மட்டும் அனுமதி உண்டென்றால் எவ்வளவு பெரிய கட்டைச் சமாளிக்கலாம்? ஒரு தாள் கட்டை. இரண்டு முறை பார்க்கலாம் என்றால்? நடுவில் ஒன்று, இரு பக்கமும் ஒவ்வொன்று: மூன்று. மூன்று முறை என்றால் நடுவில் ஒன்று, இரு பக்கமும் மும்மூன்று: ஏழு. இப்படியே பதினைந்து, முப்பத்தொன்று, அறுபத்துமூன்று. நம் 53 தாள் 31ஐத் தாண்டுகிறது, 63க்குள் அடங்குகிறது. அதனால் ஆறு பார்வைக்கு மேல் ஒருபோதும் தேவைப்படாது. இரட்டித்து ஒன்று கூட்டு என்பதுதான் விதி. பத்து பார்வையில் 1,023 தாள். இருபதில் பத்து லட்சத்துக்கு மேல். முப்பதில் 107 கோடிக்கு மேல். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்தியாவில் சுமார் 121 கோடிப் பேர். அத்தனை பேரையும் வரிசைப்படுத்தி அடுக்கியிருந்தால் 31 பார்வை போதும்.

மாணவர்கள் எழுதிய நிரலை வாசிக்கும்போது வழக்கமாக இரண்டு பிழைகள் வரும். இரண்டையும் இதே கட்டை வைத்தே காட்டிவிடலாம்.

முதலாவது, `lo = mid + 1` என்பதற்குப் பதில் `lo = mid` என்று எழுதுவது. பார்த்து முடித்த தாளைக் கீழே வைக்காமல் கையிலேயே வைத்துக்கொள்வது என்று இதற்குப் பொருள். வாக்கியம் பொய்யாகவில்லை, தாள் இருந்தால் கையில்தான் இருக்கிறது. ஆனால் கட்டு சிறுத்துக்கொண்டே வர வேண்டும் என்ற இன்னொரு தேவை தவறிவிடுகிறது. 45ஐ இப்படித் தேடிப் பாருங்கள். 27, 40, 33, 36 எல்லாம் முன்போலவே வரும். பிறகு இடது விரல் 36லேயே நிற்க, 37ஆவதைப் பார்ப்போம், பிறகு 38ஆவதை. இடது விரல் 38, வலது விரல் 39. கூட்டினால் 77, பாதியில் அரையைத் தள்ளினால் 38. மறுபடி 38ஆவது தாள். மறுபடி ரோல் நம்பர் 43, சிறியது. இடது விரல் மறுபடி 38. வகுப்பில் இதை நான் சத்தமாகச் சொல்லிக்கொண்டே போவேன்: முப்பத்தெட்டாவது, ரோல் நம்பர் நாற்பத்துமூன்று, முப்பத்தெட்டாவது, ரோல் நம்பர் நாற்பத்துமூன்று. நாலாவது தடவை யாராவது சிரித்துவிடுவார்கள். லேபில் கர்சர் மினுக்கிக்கொண்டு நிற்பதன் காரணம் அந்தச் சிரிப்போடு சேர்ந்து நினைவில் தங்கிவிடுகிறது.

இரண்டாவது பிழை சத்தமில்லாதது. `lo <= hi` என்பதற்குப் பதில் `lo < hi` என்று எழுதுவது. நிரல் நிற்கும், விடையும் சொல்லும், 41ஐச் சரியாகக் கண்டுபிடித்தும் கொடுக்கும். ஆனால் இரண்டு விரலும் ஒரே தாளில் வந்து நின்றதும், கடைசித் தாளைப் பார்க்காமலே "இல்லை" என்று எழுந்துவிடும். 44ஆம் ரோல் நம்பரைத் தேடிப் பாருங்கள்: 27, 40, 33, 36, 38. கையில் 39ஆவது தாள் மட்டும். அதுதான் 44. பார்க்கவில்லை, ஆப்சென்ட் போட்டாயிற்று. நம் கட்டில் ஆறாவது பார்வையில் கிடைக்க வேண்டிய தாள்கள் 22. அத்தனை பேரும் இப்படி ஆப்சென்ட் ஆகிவிடுவார்கள். மீதி 31 பேருக்கு நிரல் ஒழுங்காக வேலை செய்யும். அந்த 31 பேரில் இருவரை வைத்துச் சோதித்துவிட்டு, சரியாக ஓடுகிறது என்று கையெழுத்து வாங்க வரும் மாணவர் வருடா வருடம் உண்டு.

கண்டுபிடிக்க எளிய வழி, சின்னக் கட்டைக் கொடுத்துப் பார்ப்பதுதான். தாளே இல்லாத கட்டு, ஒரு தாள் கட்டு, இரண்டு தாள் கட்டு. ஒரு தாளுக்குள் இருக்கும் எண்ணையே தேடச் சொன்னால் இரண்டாவது பிழை அங்கேயே அகப்படும். இரண்டு தாள் கட்டில் இரண்டையும்விடப் பெரிய எண்ணைத் தேடினால் முதல் பிழை அகப்படும். 53 தாளில் நடுவிலிருக்கும் ஒன்றைத் தேடுவது எதையும் காட்டிக்கொடுக்காது.

இதுவரை நிரல் எழுதுபவரின் பிழை. கட்டை அடுக்கியவரின் பிழை இன்னும் மோசம். 50ஆம் ரோல் நம்பரின் தாள் எப்படியோ இடம் மாறி 27ஆவதாகச் செருகப்பட்டுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பின்னால் இருந்தவை ஒவ்வோர் இடம் தள்ளிப்போகும். 41ஐத் தேடுகிறோம். 27ஆவது தாளில் 50. 41 சிறியது, ஆகவே வலப்பக்கம் முழுவதும் கீழே. ஆனால் 41 இருந்தது வலப்பக்கத்தில். 32லிருந்து 49 வரை தேர்வெழுதிய 17 பேருக்கும் இதே கதிதான். இடம் மாறியது ஒரே ஒரு தாள். காணாமல் போனவர்கள் 17 பேர். வேடிக்கை என்னவென்றால், இடம் மாறிய அந்த 50ஐத் தேடினால் முதல் பார்வையிலேயே கிடைத்துவிடும்.

நிரல் இதைக் கண்டுபிடிக்காதா என்று கேட்பார்கள். கண்டுபிடிக்காது. வரிசை சரியா என்று சோதிக்க 53 தாளையும் பார்க்க வேண்டும். 53ஐயும் பார்ப்பதென்றால் இந்த முறையே எதற்கு? வரிசை சரி என்று நம்பித்தான் ஒவ்வொரு பாதியும் கீழே போகிறது. நடைமுறையில் இந்த நம்பிக்கை குலைவதற்கு ஒரு சாதாரணக் காரணம், எண்களை எழுத்துகளாக வைத்து வரிசைப்படுத்துவது. எக்செல் பட்டியலில் ரோல் நம்பர் எழுத்தாகப் பதிவாகியிருந்தால் 1க்கு அடுத்து 10, 11 என்று ஓடி, 19க்குப் பிறகுதான் 2 வரும். பார்வைக்கு வரிசை போலவே இருக்கும். எண்ணாக ஒப்பிட்டுத் தேடும் நிரல் அதில் கண்டபடி ஆட்களைத் தொலைக்கும்.

வரிசைப்படுத்துவதற்கே நேரம் ஆகுமே என்ற கேள்வியும் நியாயம். கலைந்து கிடக்கும் 53 தாளில் ஒரே ஒருவரைத் தேட, முதலில் எல்லாவற்றையும் அடுக்கிவிட்டு ஆறு பார்வையில் கண்டுபிடிப்பது வெட்டிவேலை. ஒவ்வொன்றாகப் புரட்டினாலே முடிந்துவிடும். நாள் முழுக்க ஆட்கள் வந்து கேட்டுக்கொண்டே இருப்பார்கள் என்றால் அடுக்கியது பலன் தரும்.

எந்த வருடமும் ஒருவராவது கேட்டுவிடும் இன்னொரு கேள்வி: "மேடம், ஐம்பத்தெட்டைத் தேடணும்னா ஏன் நடுவுல பாக்கணும்? கடைசிப் பக்கமா பாக்கலாமே?" அகராதியில் கை செய்வது இதைத்தான். இதுவும் ஒரு முறையே. எண்கள் சீரான இடைவெளியில் பரவியிருந்தால், இருக்கும் இடத்தைக் கணித்துப் போய் இன்னும் சீக்கிரம் கண்டுபிடிக்கலாம். டபிள்யூ. வெஸ்லி பீட்டர்சன் 1957இல் இதை எழுதினார். இன்டர்போலேஷன் சர்ச் என்று பெயர். எண்கள் ஒரு பக்கம் குவிந்து கிடந்தால் கணிப்பு ஒவ்வொரு முறையும் ஏமாந்து, ஒவ்வொரு தாளாகப் புரட்டும் நிலைக்கு வந்துவிடலாம். நடுவைப் பார்ப்பவருக்கு எண்கள் எப்படிப் பரவியிருந்தாலும் ஆறு பார்வைதான்.

விடைத்தாள் கட்டு எங்கே உதவாது என்பதையும் அதே வகுப்பில் சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் உவமையே பிழைக்கு வித்தாகிவிடும். கையில் தாளை நாம் உண்மையிலேயே பிரித்துக் கீழே வைக்கிறோம். கணினி எதையும் பிரிப்பதில்லை. 53 தாளும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன, இரண்டு விரல்கள் மட்டும் நகர்கின்றன. இதைச் சொல்லாமல் விட்டால், பைத்தான் எழுதும் மாணவர்கள் `a[mid+1:]` என்று பாதியை வெட்டி எடுத்துத் தேடுவார்கள். அது ஒவ்வொரு முறையும் பாதிக் கட்டை ஜெராக்ஸ் எடுப்பதற்குச் சமம். நேரம் வீணாவது ஒருபுறம் இருக்க, கடைசியில் கிடைக்கும் இடம் வெட்டிய துண்டில் எத்தனையாவது என்றுதான் இருக்கும். முழுக் கட்டில் எத்தனையாவது என்ற கணக்கு தொலைந்துபோயிருக்கும். 41ஆம் ரோல் நம்பர் 36ஆவது தாள் என்பதற்குப் பதில் மூன்றாவது தாள் என்று விடை வரும்.

இத்தனை சின்ன நிரலில் இத்தனை இடறல்கள் இருப்பது நம் மாணவர்களின் குறையல்ல. அமெரிக்காவில் ஜான் மாக்லி 1946இல் மூர் பள்ளியில் ஆற்றிய உரைகளில் இந்த யோசனையைச் சொன்னார் என்று டொனால்ட் கனூத் தம் நூலில் பதிவு செய்திருக்கிறார். எந்த அளவுக் கட்டுக்கும் பொருந்தும்படி அது அச்சில் வந்தது 1960இல், எழுதியவர் டி. எச். லேமர். இடைப்பட்ட காலத்தில் வெளியானவை 1, 3, 7, 15, 31 என்று நாம் மேலே சொன்ன அளவுகளுக்கு மட்டுமே ஓடின. அந்த அளவுகளில்தான் நடுத்தாளை எடுத்ததும் இரு பக்கமும் சரிசமமாக மிஞ்சும், அரைத் தாள் என்ற தொல்லையே வராது. 53 தாள் கட்டை அவற்றிடம் கொடுத்திருந்தால் தடுமாறியிருக்கும்.

1980களில் ஜான் பென்ட்லி, பெல் லேப்ஸிலும் ஐபிஎம்மிலும் தொழில்முறை நிரலாளர்களுக்கு இதையே எழுதக் கொடுத்தார். இரண்டு மணி நேரம் போலக் கொடுத்தும், பத்தில் ஒன்பது பேர் எழுதியதில் பிழை இருந்தது. நூற்றுக்கு மேற்பட்டவர்கள் எழுதியதைப் பார்த்துவிட்டு அவர் சொன்னது இது. பிறகு அவரே, ஒவ்வோர் அடியிலும் இன்வேரியன்ட்டைச் சொல்லி, சரியென்று நிரூபித்து ஒரு நிரலை எழுதி 'புரோகிராமிங் பேர்ல்ஸ்' நூலில் வெளியிட்டார்.

அதிலும் ஒரு பிழை ஒளிந்திருந்தது. 2006 ஜூனில் ஜோஷுவா பிளாக் அதை எழுதினார். பென்ட்லியின் வகுப்பில் மாணவராக உட்கார்ந்தவர் அவர். ஜாவா நூலகத்தில் பைனரி சர்ச்சை எழுதியவரும் அவரே. அந்த நூலகத்திலும் இதே பிழை ஒன்பது வருடம் போலக் கிடந்திருக்கிறது. பிழை இருந்த வரி நாம் கூசாமல் சொல்லிவந்த வரிதான்: இரண்டு விரலின் இடத்தையும் கூட்டி இரண்டால் வகு. ஜாவாவின் `int` வகை எண் 2,147,483,647க்கு மேல் போகாது. கட்டில் 107 கோடிக்கு மேல் தாள் இருந்தால், இரண்டு பெரிய இடங்களைக் கூட்டும்போது அந்த எல்லையைத் தாண்டி எண் எதிர்மறையாகிவிடும். மைனஸ் எத்தனையாவதோ தாளை எடுக்கப் போய் நிரல் விழுந்துவிடும். 1980களில் அவ்வளவு பெரிய கட்டை வைக்கும் கணினி யாரிடமும் இல்லை. அதனால் யாரும் விழுந்து பார்க்கவில்லை. பைத்தானில் முழு எண்ணுக்கு அப்படி எல்லை இல்லாததால் மேலே உள்ள நிரலுக்கு ஆபத்தில்லை. ஜாவாவிலும் சி-யிலும் இப்படி எழுத வேண்டும்:

```
mid = lo + (hi - lo) / 2;
```

வகுப்பில் இந்த வரிக்குத் தனி விளக்கம் தேவைப்படுவதில்லை. கட்டைக் கையில் வைத்திருக்கும் யாரும் 28ஐயும் 39ஐயும் கூட்டி 67 என்று சொல்லி, பாதியாக்கி 33ஆவது தாளைத் தேடப் போவதில்லை. இடது விரலுக்கும் வலது விரலுக்கும் இடையில் எவ்வளவு என்று பார்ப்பார்கள்: பதினொன்று. அதில் பாதி ஐந்து. இடது விரலிலிருந்து ஐந்து தாள் தள்ளினால் 33ஆவது.